பழைய செல் நம்பரும் பாஸ்புக்கும்

எங்கள் குடியிருப்பின் மூத்த குடிமக்கள் மன்றத்தில் மாதம் ஒருமுறை யாராவது ஒருவர் இருபது நிமிடம் பேசுவது வழக்கம். நான் வங்கிக் கவுன்ட்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால், "பேங்க் கணக்குல சிக்கல் வராம இருக்க அஞ்சு பழக்கம் சொல்லுங்க, அது போதும்" என்று மன்றச் செயலாளர் கேட்டார். அன்று பேசியதைச் சற்று விரித்து இங்கே எழுதியிருக்கிறேன். இருபது நிமிடத்தில் சொல்ல முடியாத சில விவரங்களும் இதில் உண்டு.

கணக்கில் சிக்கல் என்றதும் எல்லோருக்கும் திருட்டுதான் நினைவுக்கு வருகிறது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்கு இன்னொரு காட்சியும் பழக்கம். பணம் பத்திரமாக இருக்கும், எடுக்கத்தான் முடியாது. ஓடிபி எங்கோ போகும், கணக்கு செயலிழந்திருக்கும், கணவர் போன பிறகு மனைவியின் கையெழுத்து செல்லாது. பணத்தை யாரும் தொடவில்லை, ஆனால் உரியவரும் தொட முடியவில்லை. திருட்டைத் தடுக்கும் பழக்கம், நம் பணம் நமக்கே பூட்டிக் கிடக்காமல் இருக்கும் பழக்கம், இரண்டும் வேண்டும்.

முதலில் செல் நம்பர். இன்றைக்கு வங்கிக்கு நீங்கள் யார் என்று தெரிவது உங்கள் முகத்தால் அல்ல, பதிவான அந்தப் பத்து இலக்கத்தால்தான். பணம் எடுத்தால் குறுஞ்செய்தி அதற்குத்தான் வரும். ஓடிபி வருவதும் அதற்குத்தான். ரகசிய எண்ணை மறந்துவிட்டால் புதிதாக அமைக்கவும் அதுவேதான் வழி. அப்படியிருக்க, எந்த நம்பர் பதிவாகியிருக்கிறது என்று தெரியாத பெரியவர்கள் நிறையப் பேர். கணக்கு தொடங்கிய நாளில் கூட வந்த மகனின் நம்பரை எழுதிக் கொடுத்திருப்பார்கள். மகன் இப்போது வெளியூரில் இருப்பார். அம்மா இங்கே மருந்துக் கடையில் நிற்கும்போது அங்கே அலுவலகக் கூட்டத்தில் இருக்கும் மகனின் போனில் ஓடிபி வந்து விழும். இது தொந்தரவு மட்டும்தான், ஆபத்து இல்லை.

ஆபத்து வேறு வகையில் வருகிறது. பழைய சிம்மை ரீசார்ஜ் செய்யாமல் டிராயரில் போட்டுவிடுகிறோம். தொடர்ந்து 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாவிட்டால் தொலைபேசி நிறுவனம் அந்த எண்ணை முடக்கிவிடலாம். முடக்கிய பிறகு குறைந்தது 90 நாள் காத்திருந்து அதை வேறொருவருக்கு விற்கலாம். ஆக, ஏறக்குறைய ஆறு மாதத்தில் உங்கள் எண் முன்பின் தெரியாத ஒருவரின் கையில் இருக்கக்கூடும். உங்கள் கணக்கின் செய்திகள் அவருக்குப் போகும். அவர் நல்லவராக இருந்தால் எரிச்சலோடு அழித்துவிடுவார். இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அதிர்ஷ்டத்தின் கையில் விட்டிருக்கிறோம்.

இதைத் தெரிந்துகொள்ள ஒரு எளிய சோதனை உண்டு. ஏடிஎம்மில் நூறு இருநூறு ரூபாய் எடுங்கள். உங்கள் கையில் இருக்கும் போனில் செய்தி வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் கிளைக்குப் போய், "என் கணக்குல எந்த நம்பர் இருக்குங்க?" என்று கேளுங்கள். மாற்ற வேண்டுமென்றால் அதற்கான படிவத்தோடு ஆதார், பான் நகல்களை எடுத்துக்கொண்டு நேரில் போவதுதான் நல்லது. போனில் யாரிடமும் சொல்லி மாற்றவேண்டாம். புது எண்ணுக்கு மாறுகிறவர்கள் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டும். வங்கி, ஆதார், ஓய்வூதியம் வழங்கும் அலுவலகம், கேஸ் இணைப்பு என்று எல்லாவற்றிலும் புது எண்ணைப் பதிவு செய்து முடித்த பிறகே பழைய சிம்மைக் கைவிட வேண்டும். முதலில் சிம்மை விட்டுவிட்டால், எண்ணை மாற்றுவதற்கான ஓடிபியே அந்தப் பழைய எண்ணுக்குத்தான் போகும்.

இன்னொரு அறிகுறியையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் மற்றவர்கள் போனில் சிக்னல் இருக்கிறது, உங்கள் போனில் மட்டும் மணிக்கணக்காக இல்லை என்றால் அலட்சியம் வேண்டாம். பெரும்பாலும் சாதாரணக் கோளாறாகவே இருக்கும். ஆனால் உங்கள் பெயரில் யாரோ மாற்று சிம் வாங்கிவிட்டாலும் இப்படித்தான் ஆகும், ஏனென்றால் புது சிம் உயிர்பெற்றதும் பழையது செத்துவிடும். அடுத்த வீட்டுப் போனிலிருந்து முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கிலிருந்து பணம் போகாமல் நிறுத்தச் சொல்லுங்கள். தொலைபேசிக் கடைக்கு அப்புறம் போகலாம்.

இரண்டாவது பழக்கம், எந்தக் கணக்கையும் தூங்கவிடாமல் இருப்பது. நம் தலைமுறையில் பெரும்பாலோருக்கு மூன்று நான்கு கணக்குகள் உண்டு. வேலை பார்த்த ஊரில் சம்பளத்துக்குத் தொடங்கியது ஒன்று, நகைக்கடனுக்காக ஒன்று, இப்போது ஓய்வூதியம் வருவது ஒன்று. ஓய்வூதியக் கணக்கு மட்டும்தான் நடமாடும். மற்றவற்றில் ஐயாயிரமோ பத்தாயிரமோ கிடக்கும், "வட்டி ஏறிட்டுதானே இருக்கு" என்று விட்டிருப்போம். இரண்டு ஆண்டுக்கு மேல் வாடிக்கையாளர் தரப்பிலிருந்து எந்த நடவடிக்கையும் இல்லாவிட்டால் அந்தக் கணக்கு செயல்படாத கணக்காகிவிடும். வங்கி தானாக வரவு வைக்கும் வட்டியோ, பிடித்துக்கொள்ளும் கட்டணமோ நடவடிக்கைக் கணக்கில் சேராது. நீங்கள் போட வேண்டும் அல்லது எடுக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ, ஒவ்வொரு கணக்கிலும் நூறு ரூபாய் போடுவதோ எடுப்பதோ போதுமானது.

செயல்படாமல் போய்விட்டால் பயப்படத் தேவையில்லை. 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி, அப்படிப்பட்ட சேமிப்புக் கணக்குக்கும் வட்டி தர வேண்டும். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கக் கூடாது. மீண்டும் செயல்பட வைக்கக் கட்டணமும் கிடையாது. அடையாளச் சான்று, முகவரிச் சான்றோடு போனால் வேலை முடிந்துவிடும். பத்து ஆண்டுகள் அப்படியே விட்டால் பணம் ரிசர்வ் வங்கியின் தனி நிதி ஒன்றுக்கு மாற்றப்பட்டுவிடும். அப்போதும் பணம் உங்களுடையதுதான், வங்கி வழியாகக் கேட்டு வாங்கலாம். மறைந்த பெற்றோர் எந்த வங்கியில் என்ன வைத்திருந்தார்கள் என்று தேட udgam.rbi.org.in என்ற தளத்தை ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் தொடங்கியது. ஆனாலும் என் கருத்தைக் கேட்டால், எழுபது வயதுக்கு மேல் ஒருவருக்கு இரண்டு கணக்கு போதும். மிச்சத்தை நேரில் போய் மூடிவிடுங்கள். பார்க்காத கணக்கில் நடக்கும் தவறு கண்ணில் படவே படாது.

மூன்றாவது பழக்கத்தைப் பற்றிப் பேசும்போது அறையில் சற்று மௌனம் நிலவியது. நாமினி என்பது நாம் இல்லாத நாளைப் பற்றிய பேச்சு என்பதால் தள்ளிப்போடுகிறோம். ஒவ்வொரு சேமிப்புக் கணக்குக்கும், ஒவ்வொரு வைப்பு ரசீதுக்கும் நாமினி பதிவாகியிருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். சேமிப்புக் கணக்கில் பெயர் கொடுத்திருந்தால் எஃப்டிக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்ளாமல், ரசீதில் பெயர் அச்சாகியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். 2025 நவம்பர் 1 முதல் ஒரு வைப்புக் கணக்குக்கு நான்கு பேர் வரை நியமிக்கலாம். இவருக்கு இத்தனை சதவீதம் என்று பிரித்தும் எழுதலாம், ஒருவருக்குப் பின் ஒருவர் என்று வரிசையாகவும் எழுதலாம். நாமினி என்பவர் வங்கியிலிருந்து பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை உள்ளவர், அவ்வளவுதான். வாரிசுகளின் பங்கு அதனால் மறைந்துவிடாது. வீட்டில் சண்டை வரக்கூடாதென்றால் உயில் தனியாக வேண்டும்.

கணவன் மனைவி இருவர் பெயரிலும் கணக்கு இருந்தால், இயக்கும் முறை "இருவரில் ஒருவர் அல்லது உயிருடன் இருப்பவர்" என்று இருக்கிறதா பாருங்கள். இருவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும் என்று இருந்தால் ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்ட அன்றே மற்றவருக்குக் கை கட்டிப்போகும். எஃப்டி என்றால் இன்னும் ஒன்று கேட்க வேண்டும். ஒருவர் இறந்தால் முதிர்வுக்கு முன்னரே மற்றவர் எடுத்துக்கொள்ள இருவரும் எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறோமா என்பது அது. அந்தச் சம்மதம் இல்லாவிட்டால் வாரிசுகள் எல்லோருடைய ஒப்புதலையும் வங்கி கேட்கக்கூடும்.

இதையொட்டி மன்றத்தில் ஒரு அம்மா கேட்டார்: "எனக்கு நடக்க முடியல. கார்டையும் நம்பரையும் பேரன்கிட்ட குடுத்துத்தான் பணம் எடுக்கச் சொல்றேன். அது தப்பாங்க?" பேரன் மீது சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தக் கார்டில் நாளை வேறு யாராவது பணம் எடுத்தாலும், ரகசிய எண்ணைப் பகிர்ந்தது உங்கள் கவனக்குறைவு என்று வங்கி சொல்லிவிடும். அதற்குப் பதில் மகளையோ மகனையோ இணைக் கணக்குதாரராகச் சேர்த்து, அவர்களுக்கென்று தனிக் கார்டு வாங்குவதே சரி. அதிலும் பெரிய தொகை உள்ள கணக்கில் வேண்டாம், வீட்டுச் செலவுக்கு என்று வைத்திருக்கும் சிறு கணக்கில் சேர்த்தால் போதும்.

நான்காவது பழக்கம் ஒரே வரி: போனில் யாராவது பேசிக்கொண்டிருக்கும்போது கணக்கு சம்பந்தமாக எதையும் செய்யாதீர்கள். சொல்லச் சுலபம், கடைப்பிடிக்கக் கடினம். ஏன் கடினம் என்பதற்கு ஒரு அழைப்பை முழுதாக விவரிக்கிறேன். இப்படி ஏமாந்தவர்கள் சொன்னதைக் கோத்துச் சொல்வதுதான் இது.

நவம்பர் மாதம். ஓய்வூதியதாரர்கள் உயிர்ச்சான்று கொடுக்க வேண்டிய நேரம். காலை பதினொரு மணிக்கு ஒரு அழைப்பு. "வணக்கம் ஐயா, பென்ஷன் ஆபீஸ்ல இருந்து பேசறேன். உங்க லைஃப் சர்டிபிகேட் இன்னும் வரலைங்களே?" குரலில் மரியாதை இருக்கிறது. பெயர் சரியாகச் சொல்கிறார், ஓய்வு பெற்ற துறையையும் சொல்கிறார், சில சமயம் ஓய்வூதிய ஆணை எண்ணையும் சொல்வார். இவ்வளவும் தெரிந்தவர் அலுவலகத்துக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று மனம் முடிவு கட்டிவிடுகிறது. இங்கேதான் முதல் சறுக்கல். இந்த விவரங்கள் எத்தனையோ படிவங்களிலும் நகல்களிலும் கடை கடையாகச் சுற்றியவை. அவை தெரிந்திருப்பது எதற்கும் சான்று இல்லை.

அடுத்து, "நீங்க அலைய வேணாம் ஐயா, வாட்ஸ்அப்ல ஒரு ஃபைல் அனுப்பறேன், அதைத் தொட்டா போதும்" என்பார். வரும் கோப்பின் பெயர் .apk என்று முடியும். அது சான்றிதழ் அல்ல, படமும் அல்ல. போனில் நிறுவப்படும் ஒரு செயலி. நிறுவும்போது குறுஞ்செய்திகளைப் படிக்க அனுமதி கேட்கும். பேசுகிறவர் "ஓகே குடுங்க, ஓகே குடுங்க" என்று வழிநடத்துவார். அனுமதி கொடுத்த அந்த நொடியிலிருந்து உங்களுக்கு வரும் ஓடிபி அவருக்கும் தெரியும். நீங்கள் யாரிடமும் ஓடிபியைச் சொல்லவில்லை, ஆனாலும் அது போய்விட்டது. "நான் ஓடிபியே சொல்லலையே" என்று பிறகு அழுதவர்கள் சொன்னது உண்மைதான். இதே வேலைக்குத் திருமண அழைப்பிதழ், போக்குவரத்து அபராதம், மின்கட்டண பாக்கி என்று வேறு வேறு பெயரில் கோப்புகள் வருகின்றன. சிலர் கோப்பு அனுப்பாமல், போன் திரையை அவர்கள் பார்க்கும்படி செய்யும் செயலியை நிறுவச் சொல்வார்கள். முடிவு ஒன்றேதான்.

இந்த அழைப்புகளுக்கெல்லாம் பொதுவான மூன்று குணங்கள் உண்டு. இன்றே செய்யாவிட்டால் ஏதோ நின்றுவிடும் என்பார்கள். லைனைத் துண்டிக்க விடமாட்டார்கள். வீட்டில் இருப்பவர்களிடம் சொல்ல வேண்டாம் என்பார்கள். காவல்துறை, சிபிஐ என்று சொல்லிக்கொண்டு வீடியோ அழைப்பில் சீருடையோடு தோன்றி "டிஜிட்டல் கைது" செய்துவிட்டோம் என்று மிரட்டுவோரிடம் இந்த மூன்றும் உச்சத்தில் இருக்கும். நம் சட்டத்தில் அப்படி ஒரு கைதே கிடையாது. எந்தக் காவல் அதிகாரியும் வீடியோவில் விசாரித்துப் பணத்தை ஒரு கணக்குக்கு மாற்றச் சொல்ல மாட்டார்.

அழைப்பவர் உண்மையானவரா போலியா என்று கண்டுபிடிக்கும் பொறுப்பை உங்கள் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள். அதில் அவர்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். "சரிங்க, நானே பேங்குக்கு வந்து பார்த்துக்கறேன்" என்று சொல்லி வைத்துவிடுங்கள். உண்மையான அலுவலர் என்றால் சந்தோஷப்படுவார். வைத்த பிறகு ஏடிஎம் கார்டின் பின்புறம் அச்சாகியிருக்கும் எண்ணையோ, பாஸ்புக்கில் உள்ள கிளை எண்ணையோ நீங்களே அழுத்திக் கேளுங்கள். கூகுளில் தேடிக் கிடைக்கும் உதவி எண்ணை நம்ப வேண்டாம், அங்கேயே போலி எண்களைப் போட்டு வைத்திருக்கிறார்கள். வங்கிகள் சேவை தொடர்பாக அழைக்கும்போது 1600 என்று தொடங்கும் எண்ணைப் பயன்படுத்த வேண்டும் என்றும், இணையதள முகவரி .bank.in என்று முடிய வேண்டும் என்றும் ரிசர்வ் வங்கி 2025இல் விதித்தது. இவை நல்ல அடையாளங்கள். ஆனால் 1600இலிருந்தே வந்தாலும் ஓடிபி, ரகசிய எண் கேட்டால் சொல்லக் கூடாது.

யுபிஐ பயன்படுத்துகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பணம் வருவதற்கு ரகசிய எண் போடத் தேவையே இல்லை. போட்டால் பணம் உங்களிடமிருந்து போகிறது என்று அர்த்தம். யுபிஐயை ஓய்வூதியக் கணக்கோடு இணைக்காமல், மாதம் நாலைந்தாயிரம் மட்டும் போட்டு வைக்கும் இன்னொரு கணக்கோடு இணைத்தால், எப்போதாவது கை தவறினாலும் இழப்பு அதற்குள் நின்றுவிடும்.

ஐந்தாவது பழக்கம், வரும் செய்தியை அன்றைக்கே படிப்பது, தெரியாத பற்று இருந்தால் அன்றைக்கே புகார் கொடுப்பது. இதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்திருப்பது பணமாகவே திரும்பி வரும் என்பதால் நிதானமாகச் சொல்கிறேன்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை, உங்கள் அனுமதியின்றி நடந்த மின்னணுப் பரிவர்த்தனைகளில் யார் இழப்பைத் தாங்குவது என்று வரையறுத்தது. வங்கியின் மீது தவறு என்றால் நீங்கள் எப்போது சொன்னாலும் உங்களுக்குப் பொறுப்பு இல்லை. தவறு உங்கள் மீதும் இல்லை, வங்கி மீதும் இல்லை, நடுவில் எங்கோ நடந்தது என்றால், வங்கியின் செய்தி வந்து மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் முழுத் தொகையும் உங்களுக்குத் திரும்ப வேண்டும். நான்கிலிருந்து ஏழு வேலை நாளுக்குள் சொன்னால், சாதாரண சேமிப்புக் கணக்கில் அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டியிருக்கும். அதையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு, நீங்கள் செய்யாத 18,000 ரூபாய் பற்று பற்றிச் செய்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். செய்தி வந்த நாள் கணக்கில் சேராது. மறுநாள் இரண்டாம் சனி, அதற்கடுத்து ஞாயிறு, இரண்டும் வேலை நாள் அல்ல. திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாள் உங்களுக்கு இருக்கிறது. புதன்கிழமைக்குள் சொன்னால் 18,000 முழுதும் திரும்ப வேண்டும். வியாழக்கிழமை சொன்னால் 10,000 வரை கைவிட்டுப் போகலாம். வங்கி, புகார் வந்த பத்து வேலை நாளுக்குள் அந்தத் தொகையைக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். புகாரின் மீது தொண்ணூறு நாளுக்குள் முடிவும் சொல்ல வேண்டும்.

இந்த விதியில் கசப்பான பகுதி ஒன்று உண்டு. ஓடிபியையோ ரகசிய எண்ணையோ நீங்களே கொடுத்திருந்தால், புகார் செய்யும் வரை ஏற்பட்ட இழப்பு முழுதும் உங்களுடையது. ஆனால் புகார் கொடுத்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஏமாந்தவர்கள் அவமானத்தில் மகனிடம் சொல்லலாமா வேண்டாமா என்று இரவு முழுதும் யோசிக்கிறார்கள். அந்த இரவில் இரண்டாவது தவணை, மூன்றாவது தவணை என்று கணக்கு காலியாகிறது. அவமானம் ஏமாற்றியவனுக்கு உரியது. நீங்கள் உடனே சொல்லுங்கள்.

சொல்வதற்கும் ஒரு வரிசை உண்டு. போனில் சந்தேகமான செயலி ஏறிவிட்டது என்று தோன்றினால் முதலில் அதன் இன்டர்நெட்டை அணையுங்கள், வைஃபையையும்தான். வேறொரு போனிலிருந்து வங்கியைக் கூப்பிட்டுக் கார்டு, யுபிஐ, நெட்பேங்கிங் மூன்றையும் நிறுத்தச் சொல்லிப் புகார் எண் வாங்குங்கள். அடுத்து 1930. இது நாடு முழுதுக்குமான சைபர் குற்ற உதவி எண். இங்கே சொன்னதும் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போகும். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்குத் தாவிக்கொண்டே இருப்பதால், எந்தக் கணக்கில் பிடிக்க முடிகிறதோ அங்கே நிறுத்தி வைக்க முயல்வார்கள். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் சொன்னவர்களுக்கே பிடிபடும் வாய்ப்பு அதிகம். எழுத்துப் புகாரை cybercrime.gov.in தளத்தில் பதியலாம். பணம் போன நேரம், தொகை, குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண், இந்த மூன்றும் கேட்பார்கள். அதனால் கோபத்தில் செய்திகளை அழித்துவிடாதீர்கள். வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

கண் பார்வை மங்கியதால் குறுஞ்செய்தி படிக்க முடியாதவர்கள் மன்றத்தில் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குப் பழைய வழியே நல்லது. மாதம் ஒருமுறை பாஸ்புக்கை அச்சிட்டு, வீட்டில் ஒருவரை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேட்பது. மூன்று நாள் கெடு இதில் தவறிவிடும் என்பது உண்மை. ஆகவே அவர்கள் கார்டில் இணைய வழி, வெளிநாட்டுப் பயன்பாடு இரண்டையும் அணைத்துவிட்டு, தினசரி எடுக்கும் வரம்பையும் குறைத்துக்கொள்ளட்டும். கார்டை இப்படித் தேவைக்கேற்பத் திறக்கவும் மூடவும் வசதி தர வேண்டும் என்பது 2020 அக்டோபரிலிருந்து எல்லா வங்கிக்கும் விதி. கிளையில் கேட்டால் செய்து தருவார்கள்.

கூட்டம் முடிந்து எழும்போது ஒருவர் சொன்னார்: "நீங்க சொல்றதுல பாதிக்கு மேல பேங்குக்குப் போகணும். மூட்டுவலியோட அந்தப் படியை எப்படி ஏறறது?" நியாயமான கேள்வி. எழுபது வயது கடந்தவர்களுக்கும், நடமாட இயலாதவர்களுக்கும், பணம் கொடுப்பது வாங்குவது, காசோலைப் புத்தகம், கேஒய்சி ஆவணங்கள் பெறுவது, உயிர்ச்சான்று போன்ற அடிப்படைச் சேவைகளை வீட்டுக்கே வந்து செய்துதர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 நவம்பரிலேயே வங்கிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. இதைப் பல கிளைகளில் தாமாகச் சொல்வதில்லை, கட்டணமும் நடைமுறையும் வங்கிக்கு வங்கி மாறும். உங்கள் கிளைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வயதைக் குறிப்பிட்டு, வீட்டு வாசல் சேவை வேண்டும் என்று கேளுங்கள். கடிதம் பெற்றதற்கு நகலில் முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.